பெர்மிட் காணி யாருக்குப் போகும்? யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தகப்பன் வழி வந்தது முதுசம், தாய் கொண்டுவந்தது சீதனம், இருவரும் சேர்ந்து சம்பாதித்தது தேடியதேட்டம். சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண்பிள்ளை பிறகு பங்கு கேட்டு வரக் கூடாது. யாழ்ப்பாணத்தில் காணிப் பேச்சு எழும் வீடுகளில் இந்தத் தேசவழமைக் கணக்கைத்தான் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். உறுதிக் காணி என்றால் அது சரி. அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், தன் கீழ் வழங்கப்பட்ட காணிக்குத் தானே ஒரு பின்னுரிமை முறையை வகுத்திருக்கிறது. மரணசாசனம் இல்லாமல் இறந்தவரின் சொத்து யாருக்குப் போகும் என்று சொல்லும் வேறு எந்தச் சட்டமும் இந்தக் காணிகளைத் தொடாது என்று அதன் 170 ஆம் பிரிவு சொல்கிறது. தேசவழமையும் அதில் அடக்கம். ஆகவே மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பெயர் குறிக்கப்படாத காணி ஒருவருக்குத்தான் போகும். யார் அந்த ஒருவர், அவர் அந்தக் காணியை என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் கையிலுள்ள கடதாசியைப் படியுங்கள்

"எங்களுக்கு அரசாங்க உறுதி இருக்கிறது" என்று சொல்பவர்களிடம் உண்மையில் இருப்பது பல சமயம் வேறொன்று. இந்தச் சட்டத்தின் கீழ் காணி இரண்டு கட்டங்களாகக் கிடைக்கும். முதலில் அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட். குடியிருந்து, திருத்தி, பயிர் செய்து, கட்ட வேண்டிய பணத்தைக் கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு கிடைப்பது அளிப்புப் பத்திரம். சுவர்ணபூமி, ஜயபூமி, ரன்பிம என்ற பெயர்களில் வெவ்வேறு அரசாங்கங்கள் விழா எடுத்துக் கொடுத்தவை இந்த அளிப்புப் பத்திரங்களே. முத்திரையும் கையொப்பமும் பார்வைக்கு உறுதி போல இருக்கும். உள்ளே நிபந்தனைகள் அப்படியே இருக்கும்.

அளிப்புப் பத்திரத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என்று தலைப்பில் இருக்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் என்றிருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குப் பொருந்தும். 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழான குத்தகை என்றால் கணக்கே வேறு. அடுத்து, நிபந்தனை அட்டவணையில் பிரிவிடல் அலகு என்று ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். காணியை அந்த அளவுக்குக் குறைவான துண்டுகளாக்க முடியாது. கடைசியாகப் பத்திரத்தின் பின்பக்கம். காணிப் பதிவகம் இட்ட பதிவு எண்ணும் திகதியும், பின்னுரித்தாளராக யாரையாவது பெயர் குறித்திருந்தால் அதன் பதிவும் அங்கே தெரியும்.

2024 இல் உறுமய என்ற பெயரில், இந்தப் பத்திரங்களுக்குப் பதிலாக முழு உரிமை தரும் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. அப்படி ஒரு கடதாசி உங்கள் கையில் இருந்தால் அதன் வாசகங்களைத் தனியாகப் படியுங்கள். பழைய அளிப்புப் பத்திரத்தோடு அதைக் குழப்ப வேண்டாம்.

கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கையிலுள்ள பத்திரம் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, காணி அமைந்துள்ள பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. அங்குள்ள பேரேட்டிலும் கோப்பிலும் யாருக்குக் காணி கொடுக்கப்பட்டது, எவ்வளவு பணம் கட்டப்பட்டது, நிலுவை உண்டா, முன்னர் விசாரணை ஏதும் நடந்ததா என்பவை இருக்கும். மற்றது காணிப் பதிவகம். இவ்வகைக் காணிகளுக்கெனத் தனியாகப் பேணப்படும் பதிவேட்டின் பிரதியைக் கட்டணம் செலுத்தி எடுக்கலாம்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1984 வரை கிளிநொச்சி தனி மாவட்டம் அல்ல, யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. குடியேற்றத் திட்டங்களில் வயலும் மேட்டுக்காணியும் பெற்ற யாழ்ப்பாணக் குடும்பங்களின் பழைய பெர்மிட்டுகளில் "யாழ்ப்பாண மாவட்டம்" என்றே எழுதியிருக்கும். அதை நம்பி யாழ்ப்பாணத்தில் அலைந்து பயனில்லை. கோப்பைக் காணி இருக்கும் இடத்துப் பிரதேச செயலகத்தில் தேட வேண்டும். பழைய பதிவு எந்தப் பதிவகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கோப்பைக் காட்ட மறுத்தால் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "என் தந்தையின் காணி பற்றிய எல்லா விபரமும்" என்று கேட்காமல், பேரேட்டுப் பக்கத்தின் பிரதி, பெயர் குறித்த படிவத்தின் பிரதி, விசாரணைக் குறிப்புகளின் பிரதி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

போரில் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. செயலகக் கோப்பே அழிந்துபோன இடங்களும் உண்டு. வடக்கு, கிழக்கில் இப்படிப்பட்ட பிணக்குகளைத் தீர்க்கவென்று காணி ஆணையாளர் நாயகம் 2013/01 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டார். பழைய பணக்கட்டுப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், அயற்காணிக்காரரின் சத்தியக்கடதாசி போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டு போவது அங்கே கைகொடுக்கும்.

அடுத்தவர் யார்?

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன.

காணிக்காரர் இறந்தவுடன் முதல் உரிமை வாழ்க்கைத் துணைக்கு. கணவர் யாரையாவது பெயர் குறித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் மனைவி உயிரோடு இருந்தால் அவரே முதலில் காணிக்கு வருவார். மனைவி இறந்து கணவர் இருந்தாலும் அப்படியே. ஆனால் இந்த உரிமை முழு உரிமை அல்ல. அளிப்புப் பத்திரக் காணிக்கு இப்படி வரும் துணை அதை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. தனக்குப் பின் யார் என்று பெயர் குறிக்கவும் முடியாது. மறுமணம் செய்தால் காணி அவர் கையை விட்டு அடுத்தவருக்குப் போய்விடும். பெர்மிட் காணிக்கு வரும் துணை, நிபந்தனைகளை நிறைவேற்றித் தன் பெயரில் அளிப்புப் பத்திரம் பெறலாம். அப்போதும் கைமாற்றும் அதிகாரம் அவருக்கு வராது. "அம்மா எனக்கு எழுதித் தந்துவிட்டார்" என்று ஒரு பிள்ளை நொத்தாரிசின் உறுதியைக் கொண்டுவந்து காட்டும்போது, அம்மா கைம்பெண்ணாக இருந்து எழுதியது என்றால் அந்த உறுதிக்குப் பெறுமதி இல்லை.

துணைக்குப் பின் வருபவர், இறந்த காணிக்காரர் பெயர் குறித்த பின்னுரித்தாளர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயர் குறித்த ஆவணம், காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பி, கையொப்பம் வைத்து, அது கோப்பில் பத்திரமாகக் கிடக்கும். பதிவகத்துக்குப் போயிருக்காது. "ஐயா என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்" என்று பிள்ளை பல வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கும். சாவுக்குப் பிறகு பதிவேட்டைப் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு நியமனமே நடக்கவில்லை. மரணசாசனத்தால் செய்யும் நியமனத்துக்கு மட்டும் இந்த முன்பதிவு நிபந்தனை இல்லை. ஆனால் அதிலும் சட்டம் அனுமதிக்கும் உறவினரைத்தான் குறிக்கலாம்.

துணைக்கும் பெயர் குறிக்கப்பட்டவருக்கும் ஒரு காலக்கெடு உண்டு. அவர்கள் ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சிக்கு வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ பின்னுரிமை தவறியதாகக் கொள்ளப்படும். காணிக்காரருக்குத் துணை இருந்திருந்தால், பெயர் குறிக்கப்பட்டவரின் ஆறு மாதம் அந்தத் துணை இறந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். வெளிநாட்டிலுள்ள மகனைப் பெயர் குறித்துவிட்டுப் போன பெற்றோரின் காணிகள் இந்த ஆறு மாதத்தில்தான் சிக்குகின்றன. அந்தியேட்டிக்கு வந்து முப்பத்தொன்று முடித்துத் திரும்பிப் போகிறவர், தான் காணிக்கு வந்துவிட்டதாக எழுத்தில் எதையும் வைக்காமல் விமானம் ஏறிவிடுகிறார். இந்தக் கெடுவுக்குள் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு பிரதியை வைத்திருப்பதும், காணியில் வேலி அடைத்ததோ பயிர் வைத்ததோ கிராம அலுவலருக்குத் தெரியும்படி செய்வதும் மிகக் குறைந்தபட்ச எச்சரிக்கை.

துணையும் இல்லை, பெயர் குறிக்கப்பட்டவரும் இல்லை என்றால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரும். அது உறவுகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் முதலில் வரும் ஒருவருக்கு மட்டும் காணியைக் கொடுக்கிறது. ஒரே நிலையில் பலர் இருந்தால் வயதில் மூத்தவருக்கு. பழைய அட்டவணை ஆண்மகனுக்கு முதலிடம் கொடுத்திருந்தது: ஆண்பிள்ளைகள் முடிந்த பிறகே பெண்பிள்ளைகள், பேரன்களுக்குப் பிறகே பேத்திகள், தகப்பனுக்குப் பிறகே தாய். மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த தம்பி, தம்பி என்ற ஒரே காரணத்தால் முழுக் காணிக்கும் சொந்தக்காரரானார். 2022 இல் வந்த திருத்தம் இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. இப்போது பிள்ளைகளில் மூத்தவர், அவர் மகளாக இருந்தாலும் மகனாக இருந்தாலும், முதலில் வருவார். பிந்தி வந்த நியாயம்தான். ஆனால் "மூத்தவர் ஒருவருக்கே முழுவதும்" என்பதை அது மாற்றவில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தென்மராட்சியில் 2 ஏக்கர், நம் கணக்கில் 32 பரப்பு மேட்டுக்காணி. தகப்பனுக்கு முதலில் பெர்மிட், பிறகு அளிப்புப் பத்திரம். பிரிவிடல் அலகு 1 ஏக்கர் என்று பத்திரத்தில் இருக்கிறது. தகப்பன் 2012 இல் இறந்தார். யாரையும் பெயர் குறிக்கவில்லை. தாய் அதே வீட்டில் இருந்து 2023 இல் காலமானார். பிள்ளைகள் மூவர். மூத்தவள் சீதனம் வாங்கி நல்லூரில் இருக்கிறாள். நடுவிலான் கனடாவில். இளையவள்தான் தாயைப் பார்த்துக்கொண்டு, அந்தக் காணியில் தென்னையும் வாழையும் வைத்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தவள்.

தேசவழமைக் கணக்கில் பார்த்தால் மூத்தவளுக்குப் பேச்சே இல்லை; சீதனம் போய்விட்டது. குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மூத்தவளும் அப்படியே நினைக்கிறாள். சட்டத்தின் கணக்கு வேறு. 2012 இல் தகப்பன் இறந்தபோது காணி தாயிடம் வந்தது. அவர் அங்கேயே குடியிருந்ததால் ஆறு மாதப் பிரச்சினை எழவில்லை. 2023 இல் தாய் இறந்தபோதுதான் அட்டவணையின் நேரம் வருகிறது. அது திருத்தத்துக்குப் பிந்திய மரணம். ஆகவே பிள்ளைகளில் மூத்தவள், சீதனம் வாங்கிய அதே மூத்தவள், முழு 32 பரப்புக்கும் உரியவளாகிறாள். இளையவள் பத்து வருடமாகத் தண்ணீர் ஊற்றிய தென்னைக்கு அட்டவணையில் நிரல் கிடையாது.

தகப்பன் இறந்தது பழைய சட்டக் காலத்தில், எனவே ஆண்பிள்ளைக்கே போக வேண்டும் என்று நடுவிலானுக்காக வாதாட ஒருவர் வரலாம். துணை இறக்கும்போதுதான் உரிமை அட்டவணைப்படி இறங்குகிறது என்பதால் நான் அந்த வாதத்தை ஏற்கமாட்டேன். ஆனால் குடும்பம் ஒற்றுமையாக இருந்தால் இந்த வாதத்தையே தேவையற்றதாக்கிவிடலாம். எப்படி என்பது அடுத்த படியில் இருக்கிறது.

விருப்பமின்மையை எழுதுவது

அட்டவணைப்படி உரிமை வருபவர் அதை ஏற்க விரும்பாவிட்டால், வரிசையில் அடுத்தவருக்குப் போகும். அவரும் விரும்பாவிட்டால் அதற்கும் அடுத்தவருக்கு. நம் குடும்பத்தில் காணி இளையவளுக்குப் போக வேண்டும் என்பதே எல்லோரின் விருப்பம் என்றால், மூத்தவளின் விருப்பமின்மை மட்டும் போதாது. மூத்தவள் விலகினால் அடுத்து வருபவர் நடுவிலான். அவருடைய கடிதமும் வேண்டும். இரண்டு கடிதமும் கோப்பில் இருந்தால், பழைய அட்டவணையைப் பிடித்தாலும் புதியதைப் பிடித்தாலும் காணி போய்ச் சேரும் இடம் ஒன்றே. கனடாவிலிருப்பவர் தன் சத்தியக்கடதாசியை ஒட்டாவாவிலுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அல்லது டொராண்டோவிலுள்ள துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். அது வந்து சேர்வதற்கு முன் விசாரணைக்குப் போனால் இன்னொரு தவணை போடுவார்கள்.

கடிதத்தின் வாசகத்தில் கவனம் வேண்டும். பெரும்பாலானோர் எழுதுவது இப்படி: "மேற்படி காணியில் எனக்குரிய மூன்றில் ஒரு பங்கை என் தங்கைக்கு நன்கொடையாக விட்டுக்கொடுக்கிறேன்." இந்த ஒரு வசனத்தில் இரண்டு பிழை. மூன்றில் ஒரு பங்கு என்று ஒன்று இல்லை. நன்கொடை என்றால், எழுதுபவர் உரிமையை ஏற்றுக்கொண்டு பிறகு கைமாற்றுகிறார் என்று பொருள் வரும். அதற்கு முன் அனுமதி வேண்டும். எழுத வேண்டியது இது: "மேற்படி காணிக்குப் பின்னுரித்தாளராவதற்கு எனக்கு விருப்பமில்லை. வரிசையில் எனக்கு அடுத்து வருபவர் உரித்தாளராவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." இதற்கு மேல் அன்பையும் நன்றியையும் சேர்க்க வேண்டாம், அண்ணன் தங்கைக்குள் பணக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் அதைச் சேர்க்கவே வேண்டாம். காணியை விலைபேசிய கடதாசியாக அது மாறிவிடும்.

மூவரும் பிரித்துக்கொள்ள விரும்பினால்? அலகு 1 ஏக்கர் என்பதால் 2 ஏக்கர் காணி மூன்றாகாது. ஒருவர் முதலில் முழுக் காணிக்கும் உரியவராகி, பிறகு பிரதேச செயலாளரின் அனுமதியோடு ஒரு ஏக்கரை இன்னொருவருக்குக் கைமாற்றலாம். மூன்றாமவருக்குக் காணியில் பங்கு கிடைக்காது. நில அளவையாளரை அழைத்து 10 பரப்பு, 11 பரப்பு, 11 பரப்பு என்று கல் நட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வேலி வீட்டாருக்கிடையில் நிற்கும். பதிவேட்டில் நிற்காது. வங்கிக்கோ வீட்டுத்திட்டத்துக்கோ போகும் நாளில் அது தெரியவரும்.

விண்ணப்பமும் விசாரணையும்

விண்ணப்பம் பிரதேச செயலாளருக்கு. இணைக்க வேண்டியவை: அளிப்புப் பத்திரம் அல்லது பெர்மிட், காணிக்காரரின் மரணச் சான்றிதழ், துணையும் இறந்திருந்தால் அவருடையது, பெற்றோரின் விவாகச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், விலகுபவர்களின் சத்தியக்கடதாசிகள், கிராம அலுவலரின் குடியிருப்புச் சான்று. விண்ணப்பிக்காத பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், மூத்தவர் யார் என்பதை அதிகாரி கடதாசியில் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

வேலை தடைப்படுவது வழக்கமாக இரண்டு இடத்தில். ஒன்று பெயர். பெர்மிட்டில் வீட்டுப்பெயர், மரணச் சான்றிதழில் முழுப்பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். மூன்றும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசியும் கிராம அலுவலரின் கடிதமும் முன்கூட்டியே வைத்தால் ஒரு தவணை மிச்சம். மற்றது விவாகம். முறைப்படி தாலி கட்டி வாழ்ந்தும் பதிவு செய்யாத பழைய தம்பதிகள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. துணையின் உரிமையைக் கேட்கும்போது பதிவுச் சான்றிதழ் கேட்கப்படும். அது இல்லையென்றால் வேறு என்ன சான்றுகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டு போவதே மேல்.

விண்ணப்பத்துக்குப் பிறகு காணி உத்தியோகத்தர் இடத்தைப் பார்ப்பார்: யார் குடியிருக்கிறார், எல்லை சரியா, வேறு யாரும் உள்ளே வந்திருக்கிறார்களா. பிறகு விசாரணைக்குத் திகதி குறித்து எல்லாப் பிள்ளைகளையும் அழைப்பார்கள். உங்கள் வாக்குமூலத்தை உத்தியோகத்தர் தன் சொற்களில் எழுதுவார். கையொப்பம் வைக்குமுன் வாசியுங்கள். "தங்கைக்குக் கொடுக்கச் சம்மதம்" என்று எழுதியிருந்தால், "பின்னுரித்தாளராக விருப்பமில்லை" என்று திருத்தச் சொல்லுங்கள்.

முடிவு உங்கள் பக்கம் வந்ததோடு வேலை முடியவில்லை. அளிப்புப் பத்திரக் காணியானால் புதிய உரித்தாளரின் பெயர் காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். பெர்மிட்டானால் பேரேட்டிலும் பெர்மிட்டிலும் பெயர் மாற வேண்டும். கடிதம் கிடைத்ததும் வீட்டில் சாமிப்படத்துக்கு முன் வைத்துவிட்டுப் பதிவை மறந்தவர்கள் நிறையப் பேர். சில மாதம் கழித்துப் பதிவேட்டுப் பிரதி ஒன்றை எடுத்து, உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முடிவு பிழை என்று நினைத்தால் மாகாணக் காணி ஆணையாளருக்கு எழுத்தில் முறையிடலாம். அங்கும் சரிவராவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்பது சட்டத்தரணியின் வேலை.

காணி கைக்கு வந்த பிறகு

குடியிருக்கலாம், வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், பயிர் செய்யலாம், விளைச்சலை விற்கலாம். இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பத்திரத்தின் நிபந்தனைக்குள் இருக்கும் வரை. அதற்கு அப்பால் போகும் எதற்கும் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். விற்பது மட்டுமல்ல, பிள்ளைக்கு நன்கொடை, மகளுக்குச் சீதனம், ஈடு, குத்தகை எல்லாம் கைமாற்றுக்குள் அடங்கும். அனுமதியின்றி எழுதிய உறுதி செல்லாது. நிபந்தனையை மீறும் அப்படிப்பட்ட உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் தடுக்கிறது. உறுதியை எழுதிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுமதியின் திகதி உறுதியின் திகதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

அளிப்புப் பத்திரக் காணியை விற்க அனுமதி கேட்கும்போது, வாங்குபவர் யார், அவருக்கு வேறு காணி உண்டா, பிரிவிடல் அலகு காப்பாற்றப்படுகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளைக்குக் கொடுக்கக் கேட்கும் அனுமதி இதைவிட எளிதாகக் கிடைக்கிறது. பெர்மிட் கட்டத்திலேயே இருக்கும் காணியை விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றி முதலில் அளிப்புப் பத்திரத்தைப் பெறுவதே வழி. கடனுக்கு ஈடு வைப்பதென்றால் அரச வங்கிகள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிடம், அனுமதிக் கடிதத்தோடு. வட்டிக்குக் கொடுப்பவரிடம் பெர்மிட்டைக் கொடுத்து வாங்கும் பணத்துக்குக் காணி ஈடாகாது. பத்திரம் மட்டும் அவர் பெட்டியில் முடங்கும்.

நம் ஊரில் இந்தத் தடையைச் சுற்றிப் போக ஒரு பழைய வழி இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் ஓர் உடன்படிக்கை, கூடவே ஓர் அற்றோணித் தத்துவம், சாவி கைமாற்றம். வாங்கியவர் வீடு கட்டி இருபது வருடம் இருப்பார். விற்றவர் இறந்ததும் அற்றோணித் தத்துவம் உயிரிழந்துவிடும். காணி அட்டவணைப்படி விற்றவரின் மூத்த பிள்ளைக்குப் போகும். பெர்மிட் காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை பிறக்காது என்று சட்டம் சொல்வதால், அந்த இருபது வருடத்தையும் காட்டிப் பயனில்லை. விற்றவர் பக்கமும் பாதுகாப்பில்லை: நிபந்தனை மீறல் தெரியவந்தால் பெர்மிட்டையே இரத்துச் செய்யும் நடவடிக்கை தொடங்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது உங்களுக்குப் பெர்மிட் காணி காட்டினால், அந்த விலையில் இந்த ஆபத்தும் சேர்ந்திருக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் இளையவளின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவள் கைம்பெண்ணாக இருந்த தாயைப் போல வாழ்நாள் உரிமைக்காரி அல்ல, முழு உரித்தாளர். தனக்குப் பின் யார் என்று பெயர் குறிக்கும் அதிகாரம் அவளுக்கு உண்டு. அவளுக்கு இரண்டு மகளும் ஒரு மகனும் இருந்து, காணியில் குடியிருக்கப் போவது கடைசி மகள் என்று தெரிந்தால், பிரதேச செயலகத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பதிவு எண்ணையும் திகதியையும் காணிப் பதிவகத்திலிருந்து வாங்கி அளிப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். பின்னர் மனம் மாறினால் அந்த நியமனத்தை இரத்துச் செய்து வேறொருவரைக் குறிக்கலாம். இரத்தும் அவள் உயிரோடு இருக்கும்போதே பதிவாக வேண்டும்.